27 ஆம் வினா: விடை 5 ஓம், 6 ஓம் அல்ல



பதிவு கொஞ்சம் நீளம். தரம் 11 பிள்ளைகளின் பெற்றோரும், வீட்டில் வயரிங் வேலை செய்வித்தவர்களும் கடைசிவரை வாசித்தால் நல்லது.

இரண்டாம் தவணைப் பரீட்சையின் விஞ்ஞான வினாத்தாளில் 27 ஆம் வினாவுக்கு நாங்கள் வைத்த விடை பிழை. அதைத் திருத்தியபோது சில பிள்ளைகளுக்கு ஒரு மார்க் கூடியது, பல பிள்ளைகளுக்கு ஒரு மார்க் குறைந்தது. முதலாம் இடமும் மாறியது. "யாரோ கேட்டதற்காக மாற்றினார்களாம்" என்று ஊரில் ஒரு கதை ஓடுகிறது. அதனால் நடந்ததை நாங்களே எழுதிவிடுகிறோம்.

நாங்கள் என்றால் தரம் 11 இன் இரண்டு வகுப்புகளுக்கும் விஞ்ஞானம் படிப்பிக்கும் இரண்டு ஆசிரியர்கள். வினாத்தாளைச் சேர்ந்துதான் தயாரித்தோம். பிழையையும் சேர்ந்துதான் விட்டோம். ஆகவே இதில் "அவர்" என்று கை காட்ட ஆளில்லை.

வினா இதுதான். 36 ஓம் தடையுள்ள ஒரு சீரான கம்பி முனைகள் பொருத்தப்பட்டு ஒரு வட்டமாக வளைக்கப்பட்டுள்ளது. வட்டத்தின் மையத்தில் 60 பாகை கோணத்தை ஆக்கும் இரண்டு புள்ளிகளுக்கிடையே உள்ள தடை எவ்வளவு? விடைகள்: 5 ஓம், 6 ஓம், 30 ஓம், 36 ஓம்.

நாங்கள் விடைத்தாளில் போட்டது 6. யோசித்த விதம் இப்படி: முழு வட்டம் 360 பாகை. 60 பாகை என்றால் அதில் ஆறிலொன்று. கம்பி சீரானது, எனவே தடையும் ஆறிலொன்று. 36 ஐ 6 ஆல் பிரித்தால் 6. இதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. அந்தச் சின்ன வில்லின் தடை உண்மையில் 6 ஓம்தான். ஆனால் கேட்டது வில்லின் தடையை அல்ல, இரண்டு புள்ளிகளுக்கிடையே உள்ள தடையை. இந்த வித்தியாசத்தை நாங்கள் கவனிக்கவில்லை.

இரண்டு வகுப்பிலும் 68 பிள்ளைகள். 6 என்று போட்டவர்கள் 41 பேர். 5 என்று போட்டவர்கள் 7 பேர். அந்த 7 பேரில் ஆறு பேர் குருட்டு அதிர்ஷ்டத்தில் போட்டதாகப் பிறகு அவர்களே சொன்னார்கள். ஒரு மகள் மட்டும் வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் கணக்குச் செய்திருந்தா.

விடைத்தாள்களைக் கொடுத்த அன்று இடைவேளைக்கு அந்தப் பிள்ளை ஆசிரியர் அறைக்கு வந்து வாசலில் நின்றா. வகுப்பில் அதிகம் கதைக்காத பிள்ளை.

"சேர், கரண்ட் மற்றப் பக்கத்தாலயும் போகும்தானே? வட்டம் மூடித்தானே இரிக்கி?"

எங்களில் ஒருவர் உடனே சொன்ன பதில்: "மகள், கரண்ட் எப்பவும் தடை குறைஞ்ச வழியாலதான் போகும். கிட்ட இருக்கிற வழியை விட்டுட்டு ஏன் சுத்திப் போகணும்?"

இந்த வசனத்தை நாங்களும் பாடசாலையில் இப்படித்தான் கேட்டோம். ஊரில் எலக்ட்ரீஷியன்மாரும் சொல்வார்கள். கேட்கச் சரிபோலத்தான் இருக்கும், ஆனால் பாதிதான் உண்மை. மின்னோட்டம் தடை குறைந்த வழியால் கூடுதலாகப் போகும். தடை கூடிய வழியால் குறைவாகப் போகும், போகாமல் இருக்காது. பள்ளிவாசலுக்கு இரண்டு ரோட்டு இருந்தால் மனிதன் கிட்டிய ரோட்டைத் தெரிவு செய்வான். கம்பிக்குள் தெரிவு செய்ய யாரும் இல்லை. இரண்டு வில்களும் அதே இரண்டு புள்ளிகளில் தொடங்கி முடிகின்றன. ஆகவே இரண்டுக்கும் கிடைப்பது ஒரே அழுத்த வித்தியாசம். அழுத்த வித்தியாசம் இருக்கும் இடத்தில் மின்னோட்டம் ஓடும்.

அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. "சரி சேர்" என்று போய்விட்டா. அந்த "சரி" எங்கள் இரண்டு பேருக்கும் சரியாகப் படவில்லை. செய்தே காட்டிவிடுவோம் என்று முடிவெடுத்தோம். எங்கள் விடைதான் சரி என்று காட்டத்தான் செய்தோம். அதையும் மறைக்கத் தேவையில்லை.

கடையில் 36 கேஜ் நிக்குரோம் கம்பி வாங்கினோம். முடி போல மெல்லிய கம்பி. செப்புக் கம்பியில் ஒரு மீற்றருக்குத் தடை மிகக் குறைவு, சாதாரண மல்டிமீற்றரால் வித்தியாசம் பிடிக்க முடியாது. இந்தக் கம்பியில் ஒரு மீற்றருக்குக் கிட்டத்தட்ட 37 ஓம் வரும். மீற்றரைப் பிடித்துக்கொண்டு 36 ஓம் வரும் அளவுக்கு நீளத்தை எடுத்தோம், ஏறத்தாழ 96 சென்ரிமீற்றர். முனைகளை முறுக்குவதற்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் மேலதிகமாக விட்டோம்.

ஒரு பலகையில் வட்டம் கீறி, பாகைமானியால் 30 பாகைக்கு ஒன்றாக 12 ஆணி அடித்து, மணிக்கூட்டைப் போல 1 முதல் 12 வரை இலக்கம் எழுதினோம். கம்பியை ஆணிகளைச் சுற்றி இழுத்து, 7 க்கும் 8 க்கும் நடுவில் இரண்டு முனைகளையும் முறுக்கி ஈயம் வைத்தோம். ஆணிகளுக்கிடையே கம்பி நேராக நிற்பதால் இது உண்மையில் 12 பக்கமுள்ள உருவம், சரியான வட்டம் அல்ல. இந்தக் கணக்குக்கு அது பாதகமில்லை. தடை வளைவைப் பார்ப்பதில்லை, நீளத்தைத்தான் பார்க்கிறது. கோணம் என்பது நீளத்தில் எத்தனை பங்கு என்று சொல்லும் வழி, அவ்வளவுதான். இரண்டு ஆணிகளுக்கிடையே 3 ஓம், 12 துண்டுக்கும் சேர்த்து 36.

அடுத்த நாள் வகுப்பில் மேசைக்கு மேல் வைத்தோம். முதலில் மீற்றரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டபோது 0.4 காட்டியது. அது மீற்றரின் சொந்தக் கம்பிகளின் தடை. வரும் எல்லா வாசிப்பிலும் அதைக் கழிக்க வேண்டும். இந்த வினாவில் அந்த 0.4 முக்கியம். விடை 5 ஆ 6 ஆ என்று தேடும்போது 5.4 என்று வாசித்துவிட்டு நடுவில் நின்று குழம்பக் கூடாது.

பிறகு 12 இலும் 2 இலும் முனைகளை வைத்தோம். 60 பாகை. மீற்றர் காட்டியது 6.4.

0.4 ஐக் கழித்தால் 6.0. வகுப்பே "6 சேர், 6!" என்று சத்தம் போட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அந்தப் பிள்ளை கீழே குனிந்து கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தா.

இத்தோடு முடிந்திருந்தால் அந்தப் பிள்ளை சரியான ஒரு விடயத்தைப் பிழை என்று நம்பிக்கொண்டு உயர்தரத்துக்குப் போயிருப்பா. புத்தகத்தின் பேரில் அல்ல, கண்ணால் பார்த்த பரிசோதனையின் பேரில்.

பாடம் முடிந்து மற்றப் பிள்ளைகள் வெளியே போகும்போது மேசைக்குப் பக்கத்தில் வந்து கேட்டா: "சேர், மற்ற இடத்திலயும் வச்சிப் பார்க்கட்டா?"

பார் என்று மீற்றரைக் கொடுத்தோம். ஒவ்வொரு ஆணியாக நகர்த்தி, எப்போதும் 60 பாகை இடைவெளி விட்டு அளந்தா. 1 உம் 3 உம்: 6.4. 2 உம் 4 உம்: 6.4. 3 உம் 5 உம்: 6.4. 5 உம் 7 உம் வரைக்கும் அதே 6.4. பிறகு 6 இலும் 8 இலும் வைத்தா.

30.4.

மீண்டும் வைத்தா. 30.4 தான். 7 இலும் 9 இலும் 30.4. 8 உம் 10 உம் வந்தபோது திரும்ப 6.4.

வட்டம் என்றால் தொடக்கமும் முடிவும் இல்லை. எங்கே வைத்தாலும் 60 பாகைக்கு ஒரே வாசிப்புத்தான் வர வேண்டும். விடை 5 என்று சொன்னாலும் அப்படித்தான், 6 என்று சொன்னாலும் அப்படித்தான். ஓரிடத்தில் மட்டும் 30 என்றால் அது வட்டமே இல்லை, எங்கோ வெட்டுப்பட்ட கம்பி. 6 உம் 8 உம், 7 உம் 9 உம் என்ற இரண்டு சோடிக்கும் பொதுவாக உள்ளே வருவது 7 க்கும் 8 க்கும் இடைப்பட்ட துண்டு மட்டும்தான். அங்கேதான் எங்கள் ஈயப் பொருத்து.

கையால் மெல்ல இழுத்துப் பார்த்தோம். ஒரு முனை அப்படியே கழன்று வந்தது. நிக்குரோம் கம்பியில் சாதாரண ஈயம் நன்றாகப் பிடிக்காது. குரோமியத்தினால் அதன் மேற்பரப்பில் ஒட்சைட்டுப் படை ஒன்று இருக்கும். ஈயம் அதில் பரவாமல் முத்துப்போல உருண்டு நின்றிருக்கிறது. ஒரு முனை ஈயத்தோடு ஒட்டப் பாவித்த பிசினுக்குள் மட்டும் சிக்கியிருந்தது. பிசின் மின்னைக் கடத்தாது. வெளியிலிருந்து பார்த்தால் அழகான பொருத்து.

அப்போதுதான் விளங்கியது. பெரிய வில்லால் மின்னோட்டம் போகாது என்று நாங்கள் சொன்னோம். நாங்கள் செய்துகொண்டு வந்த வட்டத்தில் பெரிய வில் உண்மையாகவே வெட்டுப்பட்டிருந்தது. எங்கள் பிழையான விடைக்குப் பொருத்தமான ஒரு சுற்றை எங்களை அறியாமலே செய்து, அதை அளந்து, விடை சரி என்று சந்தோசப்பட்டிருக்கிறோம்.

கம்பியின் இரண்டு முனைகளையும் சேண்ட் பேப்பரால் நன்றாகத் தேய்த்து, வயரிங் வேலைக்குப் பாவிக்கும் பித்தளைக் கனெக்டருக்குள் விட்டு ஸ்குரூவால் இறுக்கினோம். பிறகு மீற்றரை அந்தப் பிள்ளையிடமே கொடுத்தோம். 12 உம் 2 உம்: 5.4. 6 உம் 8 உம்: 5.4. சுற்றி எல்லா இடமும் 5.4. 0.4 ஐக் கழித்தால் 5.0.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அந்தப் பிள்ளை வினாத்தாளின் ஓரத்தில் எழுதியிருந்தது இதுதான்.

இரண்டு புள்ளிகளும் வட்டத்தை இரண்டு வில்களாகப் பிரிக்கின்றன. ஒன்று 60 பாகை, மற்றது மீதி 300 பாகை. சின்ன வில் ஆறிலொன்று, எனவே 6 ஓம். பெரிய வில் ஆறிலைந்து, எனவே 30 ஓம். இரண்டும் அதே இரண்டு புள்ளிகளுக்கிடையே இருப்பதால் சமாந்தரம். சமாந்தரமான இரண்டு தடைகளுக்குப் பெருக்கத்தைக் கூட்டுத்தொகையால் பிரிக்க வேண்டும். 6 ஐ 30 ஆல் பெருக்கினால் 180. 6 ஐயும் 30 ஐயும் கூட்டினால் 36. 180 ஐ 36 ஆல் பிரித்தால் 5.

மின்னோட்டத்தை வைத்தும் சரிபார்க்கலாம். இரண்டு உலர்கலங்களால் 3 வோல்ற்று கொடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வில்லால் 3 ஐ 6 ஆல் பிரித்தால் 0.5 அம்பியர். பெரிய வில்லால் 3 ஐ 30 ஆல் பிரித்தால் 0.1 அம்பியர். மொத்தம் 0.6 அம்பியர். 3 வோல்ற்றை 0.6 அம்பியரால் பிரித்தால் திரும்பவும் 5 ஓம். அந்த 0.1 அம்பியர்தான் நாங்கள் "போகாது" என்று சொன்ன மின்னோட்டம். இதை நாங்கள் கணக்காக மட்டுமே செய்தோம். இவ்வளவு மெல்லிய கம்பியில் 0.5 அம்பியர் ஓடினால் கை வைக்க முடியாதபடி சூடாகும். வீட்டில் பிள்ளைகள் செய்து பார்க்க வேண்டாம்.

எந்தக் கோணத்துக்கும் இதே வழிதான். முழுக் கம்பியின் தடை R, கோணம் θ பாகை என்றால்:

R × θ × (360 − θ) ÷ (360 × 360)

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டு வில்களையும் கண்டு சமாந்தரமாகச் சேர்த்தால் இதுதான் வரும். திருத்திய பலகையில் மற்றக் கோணங்களையும் பிள்ளைகள் அளந்தார்கள். 120 பாகைக்கு 12 ஓமும் 24 ஓமும் சமாந்தரம், 8 ஓம். மீற்றரும் 8.4 காட்டியது. 180 பாகைக்கு 18 ஓமும் 18 ஓமும், 9 ஓம். இதுதான் வட்டத்தில் கிடைக்கக்கூடிய ஆகக் கூடிய தடை, முழுக் கம்பியின் நாலிலொன்று. அதைத் தாண்டினால் ஒரு வில் மற்றதைவிடச் சின்னதாகி, தடை திரும்பக் குறையத் தொடங்கும். 240 பாகைக்கும் 120 பாகைக்கும் ஒரே விடை, ஏனென்றால் இரண்டும் அதே இரண்டு வில்கள்தான்.

பரீட்சையில் பிள்ளைகளுக்கு உதவக்கூடிய ஒரு விடயம் இருக்கிறது. மின்னோட்டத்துக்கு இன்னொரு வழி திறந்தால் தடை எப்போதும் குறையும், கூடாது. ஆகவே வட்டத்தில் விடை சின்ன வில்லின் தடையைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வினாவில் சின்ன வில் 6 ஓம். அதைவிடக் குறைந்த விடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 6 என்ற விடையைப் பார்த்தவுடனேயே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சரி, இந்தப் பிழை எப்போது பெரிதாகும், எப்போது கண்ணில் படாது? சின்ன வில்லை மட்டும் எடுத்தால் 6, உண்மை 5. குறைந்தது ஆறிலொன்று. 60 பாகையும் வட்டத்தில் ஆறிலொன்று. இது தற்செயல் இல்லை. கோணம் வட்டத்தில் எத்தனை பங்கோ, சின்ன வில்லின் தடையிலிருந்து அதே பங்கு குறையும். 10 பாகை என்றால் சின்ன வில் 1 ஓம், உண்மையான விடை 0.97 ஓம். எங்கள் மீற்றர் 0.1 க்குக் கீழே காட்டாது, அதற்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் 60 பாகைக்குக் குறையாத கோணத்தை எடுங்கள். அதைவிட முக்கியம், ஒரே ஒரு இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். வட்டத்தைச் சுற்றி வாருங்கள். வாசிப்பு ஓரிடத்தில் பாய்ந்தால் பொருத்து போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்தது மார்க்ஸ். 5 போட்ட 7 பேருக்கும் ஒரு மார்க் கொடுத்தோம். 6 போட்ட 41 பேரிடமிருந்தும் ஒன்றை எடுத்தோம். "எடுக்காமல் விட்டால் என்ன, எல்லாருக்கும் கொடுத்துவிடுங்களேன்" என்று பாடசாலையிலேயே சிலர் சொன்னார்கள். நாங்களும் ஒரு நாள் முழுக்க அதை யோசித்தோம். பிழை எங்களுடையது, பிள்ளைகள் ஏன் இழக்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் 6 க்கு மார்க் கொடுத்து வைத்தால் 41 பிள்ளைகளின் கையில் 6 சரி என்று சிவப்பு மையில் எழுதிய தாள் இருக்கும். மூன்று மாதத்தில் பெரிய பரீட்சை. அதனால் எடுத்தோம். ஏன் எடுத்தோம் என்று இரண்டு வகுப்பிலும் பலகையைக் காட்டிச் சொன்னோம், பிழைக்கு மன்னிப்பும் கேட்டோம்.

முதலாம் இடத்தில் இருந்த மகனுக்கு 92 இலிருந்து 91 ஆனது. அடுத்திருந்த பிள்ளைக்கு 91 இலிருந்து 92. அன்றிரவு இஷாவுக்குப் பிறகு அந்த மகனின் வாப்பா கோல் எடுத்தார். கோபமாகத்தான் பேசினார். "கொடுத்த மார்க்கைத் திருப்பி எடுக்கிற எந்த ஊர் நியாயம் சேர்?" என்றார். கோலில் விளக்க முடியாது, நாளைக்கு ஒருக்கா பாடசாலைக்கு வாருங்கள் நானா, ஒரு சாமான் காட்ட வேண்டும் என்றோம்.

வந்தார். வீடுகளுக்கு வயரிங் செய்பவர், ஊரில் பலருக்குத் தெரிந்த கை. பலகையைக் காட்டி, கனெக்டரைக் கழற்றி 6.4 ஐக் காட்டினோம், இறுக்கி 5.4 ஐக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவர் சொன்னதற்காகத்தான் இந்தப் பதிவை வயரிங் செய்வித்தவர்களும் வாசிக்கச் சொன்னோம்.

"சேர், இது எங்கட ரிங் வயரிங்தானே. இதே வருத்தம் அதுக்கும் வரும், ஒருத்தருக்கும் தெரியாது."

13 அம்பியர் சதுர முனைப் பிளக்குகளுக்குச் சில வீடுகளில் ரிங் முறையில் வயர் இழுப்பார்கள். போர்டில் இருக்கும் 32 அம்பியர் பிரேக்கரிலிருந்து புறப்படும் கேபிள் ஒவ்வொரு பிளக் பொயின்ட்டாகச் சுற்றி, திரும்ப அதே பிரேக்கருக்கே வரும். அதாவது ஒரு வட்டம். எந்தப் பொயின்ட்டில் சாமான் போட்டாலும் மின்னோட்டம் இரண்டு பக்கத்தாலும் வரும், எங்கள் இரண்டு வில்களைப் போல. இந்தப் பங்கீட்டை நம்பித்தான் 2.5 சதுர மில்லிமீற்றர் கேபிளை 32 அம்பியர் பிரேக்கரில் போடுகிறார்கள்.

வட்டத்தில் ஓரிடத்தில் ஸ்குரூ தளர்ந்து கேபிள் கழன்றுவிட்டால் என்ன நடக்கும்? ஒன்றும் நடந்ததாகத் தெரியாது. எல்லாப் பொயின்ட்டும் வேலை செய்யும், மற்றப் பக்கத்தால் மின் வருகிறதே. எங்கள் பலகையும் அப்படித்தான் நல்ல பிள்ளைபோல 6.4 காட்டியது. ஆனால் இப்போது முழுச் சுமையும் ஒரு பக்கத்துக் கேபிளில்.

கணக்கோடு சொன்னால் இப்படி. குசினி வட்டத்தின் நடுவில் இருக்கிறது என்று வையுங்கள். கேத்தல், ஓவன், அயர்ன் மூன்றும் சேர்ந்து 24 அம்பியர் இழுக்கின்றன. வட்டம் ஒழுங்காக இருந்தால் இந்தப் பக்கத்தால் 12, அந்தப் பக்கத்தால் 12. வட்டம் வெட்டுப்பட்டிருந்தால் ஒரே பக்கத்தால் 24. மின்னோட்டம் இரண்டு மடங்கு ஆனால் அந்தக் கேபிளில் ஒவ்வொரு மீற்றரிலும் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்கு. பிரேக்கர் விழாது, ஏனென்றால் அதற்கு 24 என்பது 32 க்குக் கீழேதான். சுவருக்குள் கேபிள் சூடாவது வெளியே தெரியாது.

அவர்கள் சோதிக்கும் முறையும் எங்கள் வட்டக் கணக்குத்தான். மெயினை நிறுத்தி, எல்லாச் சாமானையும் பிளக்கிலிருந்து கழற்றி, பிரேக்கருக்கு வரும் லைவ் கம்பியின் இரண்டு முனைகளையும் வெளியே எடுத்து, அவற்றுக்கிடையே அளப்பார்கள். வட்டம் முழுமையாக இருந்தால் சிறிய தடை ஒன்று வரும். 50 மீற்றர் சுற்று என்றால், 2.5 கேபிளுக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 0.0074 ஓம் வீதம், 0.37 ஓம் அளவில். வெட்டுப்பட்டிருந்தால் மீற்றர் ஒன்றும் காட்டாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் தனித்தனியாக இதையே செய்வார்கள். இது வயரிங் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக்காரர் போர்டைத் திறக்க வேண்டாம். உங்கள் வீட்டில் ரிங் முறை இருக்கிறதா என்பதையும் வயர் இழுத்தவரிடமே கேளுங்கள். எல்லா வீட்டிலும் இருக்காது. தனி வழியாக இழுத்த வீடுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

போகும்போது அவர் மகனின் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். 27 ஆம் வினாவில் 6 ஐ வெட்டியிருந்த இடத்தைக் காட்டி, "இது வெட்டினதுதான் சரி சேர். ரிங்கை இவன் விளங்கத்தான் வேணும், நாளைக்கு என்னோட வேலைக்கு வந்தாலும் வருவான்" என்றார். பிறகு அந்தப் பிள்ளை யார் என்று கேட்டார். பெயர் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லவில்லை, அந்தப் பிள்ளை அதை விரும்பவில்லை.

மார்க்ஸ் மாறியது யாரும் கேட்டதற்காக அல்ல. ஒரு பிள்ளை வட்டத்தைச் சுற்றி அளந்து பார்த்ததற்காக. பலகை விஞ்ஞான ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறது. சந்தேகமுள்ள பெற்றோர் பாடசாலை நேரத்தில் வந்து தங்கள் கையாலேயே அளந்து பார்க்கலாம். கழன்ற ஈய முத்தையும் அதே மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறோம், அதையும் காட்டுவோம்.